விழா முடிந்தபின் தன்னார்வலர் சான்றிதழ்: அவரவர் செய்த வேலையைச் சொல்லி எழுதுவது எப்படி?

விழா முடிந்து பொருட்களை மூட்டை கட்டும்போதே யாராவது ஒருவரிடம் "சான்றிதழ் வேலையை நீங்க பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காக.

எனக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது கையில் கிடைத்தவை ஒரு பெயர்ப்பட்டியலும் முந்தைய விழாவின் சான்றிதழ்க் கோப்பும்தான். அந்தக் கோப்பில் இருந்த வாசகம் இது: "... அவர்களின் தன்னலமற்ற, அயராத சேவையைப் பாராட்டி இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது." பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். ஆனால் இரவெல்லாம் கிடங்குக்குக் காவல் இருந்தவருக்கும், நன்கொடை ரசீதுகளை வரிசைப்படுத்தியவருக்கும், மேடைக்குப் பின்னால் ஒலிவாங்கிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கும் ஒரே வரிதான் போகும். வாங்கியவர்கள் பக்கத்தில் இருப்பவரின் சான்றிதழை எட்டிப் பார்ப்பார்கள். அதே வரி. சரி என்று பையில் வைத்துக்கொள்வார்கள்.

அவரவர் செய்ததைச் சொல்லும் ஒரு வரியை எழுத வேண்டும் என்று இறங்கிய பிறகுதான் சிரமம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. எழுதுவதற்குப் பெரிதாக நேரம் ஆகவில்லை. யார் என்ன செய்தார் என்பதைத் திரட்டுவதில்தான் நாட்கள் கரைந்தன. அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, எழுத உட்காருவதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

## 1. காகிதங்களைத் தூக்கி எறிவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்

விழா முடிந்த மறுநாளே தேட ஆரம்பிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பணிப்பட்டியல். யாரை எங்கே எந்த நேரத்துக்குப் போட்டிருந்தோம் என்ற திட்டம். இரண்டாவது, வருகைப் பதிவு. உண்மையில் வந்து கையெழுத்திட்டவர்கள் யார் என்பதை இதுதான் சொல்லும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். வாகன நிறுத்தத்துக்குப் போடப்பட்டவர் கடைசி நேரத்தில் நுழைவாயிலுக்கு மாறியிருப்பார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் இடத்தில் வேறொருவர் இரண்டு ஷிஃப்ட் நின்றிருப்பார். பணிப்பட்டியலை மட்டும் பார்த்து எழுதினால், செய்யாத வேலைக்கு ஒருவரைப் பாராட்டிவிட்டு, செய்தவரை விட்டுவிடுவோம். இதைவிடப் பொதுவான வாசகமே மேல்.

மூன்றாவதுதான் தங்கச் சுரங்கம்: ஒவ்வொரு மேசையிலும் கிடந்த நோட்டுகள். தகவல் மேசையின் கேள்விக் குறிப்பு, காணாமல் போன பொருட்களின் பதிவு, முதலுதவிக் கூடாரத்தின் பதிவேடு, கிடங்கிலிருந்து பொருள் கொடுத்து வாங்கிய நோட்டு, சாவி ஒப்படைத்த தாள். விழா முடிந்த களைப்பில் முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். கடைசி நாள் மாலையே ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் சொல்லிவையுங்கள்: "நோட்டை என்னிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்."

நான்காவது, தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழு. "மேடை இரண்டில் மின்சாரம் போச்சு, யாராவது வாங்க" என்ற செய்திக்கு "நான் போறேன்" என்று பதில் போட்டவர் யார் என்பது அங்கேதான் இருக்கும். குழுவில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் மூன்று அளவுகள் உண்டு. முதல் இரண்டில் ஒன்று போட்டிருந்தால், நீங்கள் சாவகாசமாகத் தேடும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. உரையாடலை ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். படங்களைக் கேட்கும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால், எந்த நேரத்தில் எடுத்தது என்ற விவரம் கோப்பிலிருந்து போய்விடும். ஒருவர் எந்த ஷிஃப்டில் எங்கே நின்றார் என்பதில் சந்தேகம் வரும்போது அந்த நேரம்தான் கைகொடுக்கும்.

இவை கைக்கு வந்ததும் ஒரு விரிதாள் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், குழு, உண்மையில் பணி செய்த நாட்கள், செய்த வேலை, குறிப்பிட்டுச் சொல்ல ஒரு செய்தி, அதை யார் சொன்னார் அல்லது எந்த நோட்டில் இருக்கிறது, கடைசியாக வாசகம். "யார் சொன்னார்" என்ற கட்டத்தை வெட்டி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பின்னால் யாராவது "இதை அவரா செய்தார்?" என்று கேட்டால் பதில் சொல்ல அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

## 2. பொறுப்பாளரிடம் "அவர் எப்படி?" என்று கேட்காதீர்கள்

"உங்கள் குழுவினர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்" என்று படிவம் அனுப்பினால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "நல்ல உழைப்பாளி." "பொறுப்பானவர்." "எப்போதும் சிரித்த முகம்." மனதாரச் சொன்ன வார்த்தைகள்தான், ஆனால் எதையும் சான்றிதழில் போட முடியாது. கேள்வி குணத்தைக் கேட்டது, பதிலும் குணத்தைப் பற்றியே வந்தது.

நடந்ததைக் கேளுங்கள். எனக்குப் பலன் கொடுத்த கேள்விகள் இவை:

- அவர் இல்லாத ஷிஃப்டில் எந்த வேலை தடுமாறியது?
- மற்றவர்கள் எதற்காக அவரைத் தேடி வந்தார்கள்?
- அவர் தொடங்கி, பிறகு எல்லோரும் பின்பற்றிய பழக்கம் ஏதாவது உண்டா?

முதல் கேள்விக்கே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். "அவங்க இல்லாதப்போ வரிசை ரெண்டா பிரிஞ்சு குழப்பமாயிடுச்சு" என்பார் பொறுப்பாளர். அப்படியென்றால் அவர் இருக்கும்போது வரிசை ஒன்றாக இருந்தது. அது எப்படி என்று அடுத்துக் கேளுங்கள். கயிறு கட்டினாரா, வரிசையின் கடைசியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாரா? அந்த விவரம்தான் நமக்கு வேண்டியது.

இதைத் தொலைபேசியில் செய்வது நல்லது. எழுதச் சொன்னால் மனிதர்கள் மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள், பேசும்போது நடந்ததைச் சொல்கிறார்கள். ஒரே அழைப்பில் முப்பது பேரை முடிக்க நினைக்க வேண்டாம். பத்தாவது பேருக்குப் பிறகு "அவரும் அப்படித்தான், நல்லா செஞ்சார்" என்று பதில் தேய்ந்துவிடும். பட்டியலின் கடைசியில் இருப்பவர்களுக்கு அது அநியாயம். இரண்டாவது அழைப்பைக் கடைசிப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

## 3. ஒரு வரி உருவாகும் விதம்

ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். மூன்று மாலைகள் நடந்த ஒரு கலைவிழா. காணாமல் போன பொருட்களின் மேசையில் இருந்த ஒரு தன்னார்வலர். அவரைப் பற்றிப் பொறுப்பாளர் முதலில் சொன்னது: "ரொம்பப் பொறுமைசாலி, பொறுப்பா பார்த்துக்கிட்டாங்க."

இதை வைத்து எழுதினால் வரும் வாசகம்:

> காணாமல் போன பொருட்கள் பிரிவில் மிகுந்த பொறுப்புணர்வுடனும் பொறுமையுடனும் சிறப்பாகச் செயல்பட்டார்.

இடத்தின் பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மேசையில் இருந்த யாருக்கும் இதைக் கொடுக்கலாம்.

சரி, நோட்டை எடுத்துப் பார்க்கிறோம். முதல் நாள் பக்கத்தில் "கறுப்புப் பை", "குடை", "கண்ணாடி" என்று ஒற்றைச் சொற்கள். இரண்டாம் நாளிலிருந்து பக்கத்தில் கோடு போட்டு நான்கு கட்டங்கள்: எண், பொருள், கிடைத்த இடம், நேரம். கையெழுத்து யாருடையது என்று பொறுப்பாளரிடம் கேட்கிறோம். "அதுவா, அவங்கதான். முதல் நாள் ஒரே பைக்கு ரெண்டு பேர் வந்து நின்னு சண்டை. அதுக்கப்புறம் ஒவ்வொரு பொருள்லயும் நம்பர் சீட்டு கட்டினாங்க. கேட்டு வர்றவங்ககிட்ட பொருளைக் காட்டறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன இருக்குன்னு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அடுத்த ஷிஃப்ட்ல இருந்தவங்களும் அதையே செஞ்சோம்." நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு: வந்தவை 47, உரியவரிடம் போனவை 41.

இப்போது கையில் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டினால் இப்படி ஆகும்:

> முதல் நாள் ஒரு பைக்கு இருவர் உரிமை கோரியதால் ஏற்பட்ட குழப்பத்தைத் தொடர்ந்து, பொருட்களுக்கு எண்ணிட்ட சீட்டு கட்டும் முறையை ஏற்படுத்தி, 47 பொருட்களில் 41-ஐ உரியவரிடம் சேர்த்தார்.

இதில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். முதலாவது, சண்டை. அது நடந்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மேசையில் இருந்த இன்னொரு தன்னார்வலருக்கு அது ஒரு குறையாகப் படும். ஒருவரைப் பாராட்டும் வரி பக்கத்தில் இருப்பவரைக் குத்தக் கூடாது. எடுத்துவிடலாம். இரண்டாவது, 41 என்ற எண். அத்தனையையும் அவரா ஒப்படைத்தார்? மூன்று ஷிஃப்டில் ஆறேழு பேர் சேர்ந்து ஒப்படைத்தவை அவை. எண்ணைப் பார்த்ததும் போட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும், ஆனால் அந்த எண் மேசைக்குச் சொந்தம். அவருக்குச் சொந்தமானது அந்த முறை.

கடைசியில் நின்றது:

> காணாமல் போன பொருட்களின் மேசையில் மூன்று மாலைகளும் பணியாற்றினார். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்ட சீட்டு கட்டி, கிடைத்த இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் முறையைத் தொடங்கினார். மேசையில் இருந்த அனைவரும் அதையே பின்பற்றினர். பொருட்கள் உரியவர் கைக்குச் சேர அது உதவியது.

முப்பது சொல்லுக்கு ஒன்று குறைவு. கிடைமட்டமாக வைத்த ஏ4 தாளில் 16 புள்ளி எழுத்தில் நான்கைந்து வரிக்குள் அடங்கிவிடும். என் அனுபவத்தில் நாற்பது சொல்லைத் தாண்டினால் சான்றிதழ் கடிதமாகிவிடுகிறது. பதினைந்துக்குக் குறைந்தால் விவரம் நிற்பதில்லை.

எழுதிய பிறகு ஒரு சோதனை. பெயரை மறைத்துவிட்டு அதே குழுவில் இருந்த ஒருவருக்கு வாசகத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். "ஓ, அவங்களா" என்று சொன்னால் வரி தேறிவிட்டது. "இது எங்க குழுவில் யாரா வேணா இருக்கலாமே" என்றால் மறுபடி நோட்டைப் புரட்டுங்கள். ஒரே வேலையை இருவர் சேர்ந்து செய்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையைத் தளர்த்தலாம். அப்போது இருவர் சான்றிதழிலும் "உடன் பணியாற்றிய தோழருடன் சேர்ந்து" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் முழுப் பெருமையும் போவது போல எழுதினால், இரண்டு சான்றிதழ்களும் சந்திக்கும் இடத்தில் மனஸ்தாபம் வரும்.

## 4. தமிழ் வாக்கியத்தில் தடுக்கும் இடங்கள்

வழக்கமான சான்றிதழ் வாக்கியம் ஒரே நீளமாகப் போய் "வழங்கப்படுகிறது" என்று முடியும். செய்த வேலை முழுவதும் எச்சங்களாக நடுவில் சிக்கிக்கொள்ளும்: "செய்த, கவனித்த, உதவிய ... அவர்களைப் பாராட்டி ... வழங்கப்படுகிறது." கடைசியில் நிற்கும் வினை சான்றிதழ் வழங்குவதைப் பற்றியதாக இருப்பதால், படிப்பவர் மனதிலும் அதுதான் நிற்கிறது. வாக்கியத்தை உடையுங்கள். அவர் செய்தது தனி வாக்கியமாக, அவர் செய்த வினையிலேயே முடியட்டும்: தொடங்கினார், தூக்கினார், எண்ணினார், எழுதினார், காத்திருந்தார். நன்றி அடுத்த வாக்கியத்தில் சுருக்கமாக வரட்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. பலருடைய பெயர்களைக் கணினியே இட்டு நிரப்பும்படி செய்தால், பெயருக்கு அடுத்து "க்கு", "ஐ" என்று ஒட்டி வைக்காதீர்கள். "உமா" என்ற பெயருக்கு "உமாவுக்கு" என்று வர வேண்டும், "ராம்" என்றால் "ராமுக்கு". கணினிக்கு இது தெரியாது, "உமாக்கு", "ராம்க்கு" என்று அடித்துத் தள்ளிவிடும். பெயரைத் தனி வரியில் எழுவாயாக நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பெயர் ஒரு வரி, அதன்கீழ் அவர் செய்தது.

பெயருக்குப் பின் "அவர்கள்" சேர்த்தால் வினையும் "செய்தார்கள்" என்று போக வேண்டும், இல்லாவிட்டால் "அவர்கள் செய்தார்" என்று இடிக்கும். பெயரைத் தனி வரியில் வைத்து "செய்தார்" என்று முடித்தால் மரியாதையும் இருக்கும், இலக்கணமும் இடிக்காது. இதில் இன்னொரு நன்மை, "ஆர்" விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. திரு, திருமதி, செல்வி என்று யாருக்கு எதைப் போடுவது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. பள்ளி மாணவர்களுக்கும் "செய்தார்" என்றே போடுங்கள். "செய்தான்" என்று யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் "மாணவச் செல்வங்கள்" என்று மொத்தமாகச் சேர்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. அவர்களுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

"நீங்கள்" என்று நேராகப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். படிக்க நெருக்கமாக இருக்கும். ஆனால் இந்தத் தாளை அவர் நாளைக்கு ஒரு கல்லூரியிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்திலோ காட்டக்கூடும். மூன்றாம் மனிதர் படிக்கும்போது "செய்தார்" என்பதுதான் சான்று போல நிற்கும். நெருக்கமாகச் சொல்ல வேண்டியதைத் தாளைக் கொடுக்கும்போது வாயால் சொல்லலாம்.

## 5. உண்மையாக இருந்தாலும் சேர்க்கக் கூடாதவை

தனிப்பட்ட விவரங்கள். தொலைந்துபோன குழந்தையைப் பெற்றோரிடம் சேர்த்த ஒருவரைப் பாராட்டலாம், குழந்தையின் பெயரோ வயதோ வேண்டாம். முதலுதவிக் கூடாரத்தில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதும் வேண்டாம். தன்னார்வலரின் சொந்த நிலையும் அப்படித்தான். "உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல்" என்று நல்லெண்ணத்தில் எழுதிவிடுவோம். அவர் அந்தத் தாளை வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தகுதி வழங்குவது போன்ற சொற்கள். "முதலுதவியில் தேர்ச்சி பெற்றவர்" என்று விழாக் குழு எழுத முடியாது, அதைச் சோதித்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. "முதலுதவிக் கூடாரத்தில் வந்தவர்களைப் பதிவு செய்து, செவிலியருக்கு உதவினார்" என்பது நாம் கண்டது, அதனால் சொல்லலாம். மின்சாரம், ஒலியமைப்பு, வாகனம் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் இதே கவனம் தேவை.

பணத்தொகை. நன்கொடை எண்ணியவருக்கும் ரசீது எழுதியவருக்கும் எவ்வளவு தொகை என்பதைச் சான்றிதழில் போட வேண்டாம். "மூன்று நாள் ரசீதுகளையும் எண் வரிசையில் அடுக்கி, கணக்கு நோட்டுடன் ஒப்பிட்டு முடித்துக் கொடுத்தார்" என்றாலே அந்த வேலையின் கனம் தெரியும்.

மணிக்கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்குப் பள்ளியிலோ கல்லூரியிலோ சமர்ப்பிக்க "இத்தனை மணி நேரம் பணி செய்தார்" என்ற சான்று தேவைப்படும். அதைப் பாராட்டுச் சான்றிதழுக்குள் திணிக்காமல், வருகைப் பதிவைப் பார்த்துத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். ஒருவர் சான்றிதழில் மணிக்கணக்கு வந்துவிட்டால் எல்லோரும் தம் கணக்கைத் தேடுவார்கள், குறைவான மணி நேரம் வந்தவரின் வேலை சிறுத்துப் போகும்.

## 6. யார் கண்ணிலும் படாதவர்கள்

எந்தப் பொறுப்பாளரிடம் கேட்டாலும் மேடையிலும் நுழைவாயிலிலும் இருந்தவர்களைப் பற்றி உடனே பேசுவார். கழிப்பறைகளைச் சுத்தம் செய்தவர், குப்பை பிரித்தவர், கிடங்கில் கணக்கு வைத்தவர், இரவுக் காவல் இருந்தவர், பந்தல் பிரிக்கும் நாளில் மட்டும் வந்தவர் ஆகியோருக்கு விரிதாளில் கட்டம் காலியாகவே கிடக்கும். என்னைக் கேட்டால், எழுதுவதற்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இவர்களுடைய வேலை நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அதனால் வேறு விதமாகத் தேட வேண்டும். ஒன்று, அவருடைய வேலையால் பயன் பெற்ற அடுத்த குழுவைக் கேட்பது. கிடங்கில் இருந்தவரைப் பற்றிக் கிடங்குப் பொறுப்பாளரைவிட மேடைக் குழுவுக்கு நன்றாகத் தெரியும். "கேட்ட கம்பி கேட்ட நேரத்துக்கு வந்துச்சு, திருப்பிக் கொடுத்ததை அவரே எண்ணிப் பார்த்தார்" என்பார்கள். இன்னொன்று, அவரையே கேட்பது. "உங்க வேலையில எங்களுக்குத் தெரியாம நீங்களே பார்த்துச் சரி பண்ணினது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் சொல்வார்கள். அவர் சொன்னதை உடன் இருந்த ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

சுத்தம் செய்த வேலையை மறைத்து எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. "சுகாதாரப் பணிகளில் ஒத்துழைப்பு நல்கினார்" என்று பூசி மெழுகுவார்கள். நேராகவே எழுதலாம்:

> மூன்று நாட்களும் கழிப்பறைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்த குழுவில் இருந்தார். தண்ணீர் தீரும் நேரத்தைக் கணித்து, தீருவதற்கு முன்பே தொட்டியை நிரப்ப ஏற்பாடு செய்தார்.

ஆனால் இப்படிப்பட்ட வரியை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள். எந்த வேலையைச் சொல்ல வேண்டும் என்பதில் அவர் விருப்பம்தான் முதலில்.

ஒரே ஒரு மணி நேரம் வந்தவருக்கு என்ன எழுதுவது? நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இரண்டாம் நாள் மாலை கூட்டம் அதிகரித்தபோது, அழைத்ததும் வந்து கிழக்கு வாயிலில் நுழைவுச்சீட்டுச் சரிபார்ப்பில் உதவினார்." இதில் மிகை இல்லை, அவர் வந்த நேரத்தின் அருமையும் தெரிகிறது. எவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்காத சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குக் குழு, இடம், நாள் மூன்றையும் சரியாகப் போட்டு எளிய வாக்கியமாக முடித்துக்கொள்ளுங்கள். கற்பனையாகச் சேர்த்தால் கண்டிப்பாக அவருக்கே தெரிந்துவிடும்.

## 7. பெயர், மெய்ப்பு, கோப்பு

வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அந்தத் தாள் வீண். ர, ற, ந, ன, ண, ல, ள, ழ என எதையும் ஊகிக்காதீர்கள். தலைப்பெழுத்து முன்னால் வேண்டுமா, அப்பா அம்மா பெயர் இரண்டின் முதலெழுத்தும் வேண்டுமா என்பதையும் அவரவரே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பட்டும். அடுத்த விழாவாக இருந்தால் பதிவுப் படிவத்திலேயே "சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள், பாதித் தொல்லை குறையும்.

மெய்ப்புப் பார்ப்பதை இரண்டாகப் பிரியுங்கள். பொறுப்பாளர் தகவலைப் பார்க்கட்டும், தன்னார்வலர் தன் பெயரையும் தன் வரியையும் மட்டும் பார்க்கட்டும். எல்லோருடைய வரிகளும் உள்ள முழுப் பட்டியலைக் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒப்பீடு தொடங்கிவிடும். பதில் சொல்ல ஒரு கடைசி நாள் குறித்து, "அதற்குள் பதில் வராவிட்டால் இப்படியே அச்சாகும்" என்றும் சொல்லிவிடுங்கள்.

கோப்பு விஷயத்தில் ஒன்று முக்கியம். பழைய சான்றிதழ்க் கோப்பு யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் அதில் உங்கள் விரிதாளின் எழுத்துகளை ஒட்டினால் குழம்பிவிடும். புதிதாக யூனிகோட் எழுத்துருவில் தொடங்கிவிடுங்கள். விரிதாளை எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது பட்டியலில் `CSV UTF-8 (Comma delimited)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண `CSV` என்று சேமித்தால் தமிழெழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். வேர்டு அல்லது லிப்ரே ஆபிஸில், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தாளையும் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் வசதியில் பெயரும் வாசகமும் தனித்தனிப் புலங்களாக இருக்கட்டும். அச்சகத்துக்கு வேர்டு கோப்பாக அனுப்பாதீர்கள், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொ, கோ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கக்கூடும். வரிகளிலேயே மிக நீளமானதையும் பெயர்களிலேயே மிக நீளமானதையும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அவை அடங்கினால் மற்றவையும் அடங்கும்.

## 8. செலவு எங்கே கூடும், எங்கே குறையும்

ஒவ்வொரு தாளும் வேறாக இருப்பதால், ஒரே வாசகத்தை மொத்தமாக அடிப்பதைவிடச் செலவு கூடும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அதைக் குறைக்க வழி உண்டு. ஓரச் சித்திரம், சின்னம், தலைப்பு ஆகிய பொதுவான பகுதியை மட்டும் வண்ணத்தில் மொத்தமாக அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பெயரையும் வாசகத்தையும் அதன்மேல் லேசர் பிரின்டரில் கறுப்பில் அச்சிடுங்கள். மிஞ்சும் வெற்றுத் தாள்கள் பிழை திருத்தவும் விட்டுப்போனவர்களுக்கும் உதவும். விழாவின் பெயரில் ஆண்டைச் சேர்க்காமல் வைத்து, ஆண்டையும் கறுப்பில் அடித்தால் அடுத்த விழாவுக்கும் அந்தத் தாள்கள் ஆகும்.

தாளின் தடிமன் 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரை இருந்தால் கையில் பிடிக்கக் கனமாக இருக்கும். ஆனால் உங்கள் பிரின்டர் அந்தத் தடிமனை ஏற்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பளபளப்பான தாளில் இங்க்ஜெட் மை எளிதில் இழுவும், கையெழுத்திடும் பேனா மையும் காய நேரமாகும். பளபளப்பு இல்லாத தாளே நல்லது. தேவையான எண்ணிக்கையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அடித்து வையுங்கள். லேமினேஷனுக்கும் சட்டத்துக்கும் போகும் பணத்தை மிச்சம் பிடித்து, பிழை வந்த தாள்களை மறுபடி அடிக்க ஒதுக்குவது என் யோசனை.

## 9. எந்த வாரத்தில் எந்த வேலை

முதல் மூன்று நாளில் நோட்டுகள், வருகைப் பதிவு, குழுச் செய்திகள் கைக்கு வந்துவிட வேண்டும். முதல் வாரம் முடிவதற்குள் பொறுப்பாளர்களுடன் பேசி முடித்துவிடுங்கள். அதற்குமேல் போனால் அவர்களுக்கே நாட்கள் குழம்பிப்போய் "இரண்டாம் நாளா மூன்றாம் நாளா" என்று ஆகிவிடும். இரண்டாம் வாரம் எழுத. ஒரு நாளில் பதினைந்து வரிக்கு மேல் எழுத வேண்டாம், அதற்குப் பிறகு எல்லா வரியும் ஒரே அச்சாக வரத் தொடங்கும். மூன்றாம் வாரம் மெய்ப்பு. நான்காவது வாரம் அச்சு, கையெழுத்து.

கையெழுத்துக்கு நாள் ஒதுக்க மறந்துவிடாதீர்கள். தலைவர் ஒருவருடன் அந்தந்தக் குழுவின் பொறுப்பாளரும் கையெழுத்திடுவது நல்லது, வேலையை நேரில் பார்த்தவர் அவர்தானே. பொறுப்பாளர்களை ஒரே இடத்தில் கூட்டுவது கடினம் என்பதால், தாள்களைக் குழு வாரியாகப் பிரித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டால் வேலை நடக்கும். மெய்ப்பில் தப்பிய பிழைகளும் இந்தக் கட்டத்தில் அவர்கள் கண்ணில் படும்.

கொடுக்கும் நாளில் பெயரை மட்டும் கூப்பிடாமல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். நூறு பேர் இருந்தாலும், ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு இடம் விட்டு உரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் ஓர் எண் போட்டு, அதே எண்ணை விரிதாளிலும் குறித்து வையுங்கள். தாள் தொலைந்துவிட்டது என்று யாராவது பின்னால் கேட்டு வந்தால், அதே எண்ணில், அதே வாசகத்தோடு, "மறுபடி" என்று குறித்துக் கொடுக்கலாம். எங்கிருந்தாவது "இவர் உண்மையிலேயே இதைச் செய்தாரா?" என்று விசாரித்தால், அந்த எண்ணுக்கு நேரே "யார் சொன்னார்" என்ற கட்டத்தைப் பார்த்துப் பதில் எழுதலாம். விரிதாளின் ஒரு நகலை அடுத்த விழாவின் தன்னார்வலர் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். யாரை எந்த வேலைக்கு அழைப்பது என்று அவர் யோசிக்கும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.